எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பக்கப் பதில்

விலை குறைந்த போட்டியாளரை அடிக்கடி எதிர்கொள்ளும் விற்பனையாளர்களுக்கு நிறுவனம் தயாரித்துத் தரும் ஒரு பக்கக் குறிப்புக்கு விற்பனைத் துறையில் ‘பேட்டில் கார்டு’ என்று பெயர். ஒரு போட்டியாளருக்கு ஒரு தாள். அதை வாடிக்கையாளரிடம் காட்டுவதில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகும் முன், விற்பனையாளர் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்வதற்கானது அது. ‘அவங்க குறைச்சுத் தர்றாங்களே’ என்று எதிரில் இருப்பவர் சொல்லும் நொடியில் என்ன கேட்பது, என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்த இடத்தில் எழுந்து வந்துவிடுவது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். கம்பெனி வரலாறும் தொழிற்சாலைப் படமும் இருக்கக் கூடாது.

நீர்மூழ்கி மோட்டார் விற்பனையை வைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். கோவையும் குஜராத்தின் ராஜ்கோட்டும் பம்ப்செட்டுக்குப் பெயர்போன ஊர்கள். இவை தவிர சிறு தயாரிப்பாளர்கள் நாடெங்கும் உண்டு. ஆகவே ஒரே கடையில் ஒரே ஐந்து எச்.பி. மோட்டாருக்கு நாலு விலை இருப்பது சாதாரணம். ஒரு நிறுவனத்தின் மோட்டார் 38,000 ரூபாய், எதிராளியுடையது 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த எட்டாயிரத்துக்குத்தான் கார்டு பதில் சொல்ல வேண்டும்.

வேலை தொடங்குமிடம் கைவிட்டுப்போன ஆர்டர்கள். கடந்த ஆறு மாதத்தில் அந்த எதிராளியோடு மோதிய இருபது முப்பது ஆர்டர்களை எடுத்துக்கொண்டு, வென்றவை, தோற்றவை இரண்டு வகை வாடிக்கையாளர்களிடமும் பேச வேண்டும். தோற்ற விற்பனையாளரையே அனுப்பிக் கேட்கக் கூடாது. அவரிடம் வாடிக்கையாளர் ‘ரேட்டுதாங்க காரணம்’ என்று முடித்துக்கொள்வார். அது யாரையும் புண்படுத்தாத பதில், மேற்கொண்டு பேச்சு வளர்க்காத பதிலும்கூட. வேறொருவர் போய், ‘நாங்க விலை கொடுத்துட்டுப் போன பிறகு என்ன நடந்துச்சு?’ என்று கதை கேட்பதுபோல் கேட்டால் வேறு விஷயங்கள் வெளியே வரும். வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் இன்னொன்றைச் சொன்னார். கொட்டேஷன் வர நான்கு நாள் ஆனது, அதற்குள் தண்ணீர் இல்லாமல் போனது. கடைக்காரரிடம் அன்றைக்கு இருப்பில் இருந்தது அதுதான். இப்படிப்பட்ட தோல்விகளுக்குக் கார்டு மருந்தல்ல. அவற்றை ஒதுக்கிவிட்டு, உண்மையிலேயே விலையால் போனவற்றை மட்டும் கார்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பதில் பத்து பன்னிரண்டு தேறினாலே போதும்.

அடுத்தது எதிராளியின் மோட்டாரைக் கடையில் பில் போட்டு வாங்குவது. ஒன்று போதாது, வேறு வேறு கடைகளில் இரண்டு மூன்று வாங்கினால், தற்செயலாகக் கிடைத்த பழுதுள்ள ஒன்றை வைத்து முடிவு கட்டும் தவறு நேராது. சோதனை மேடையில் இரு தரப்பு மோட்டார்களையும் ஒரே ஹெட்டில் ஓட்டி, தண்ணீர் எவ்வளவு வருகிறது, மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு பிரித்துப் பார்க்க வேண்டும். காயில் செம்பா அலுமினியமா, எடை எவ்வளவு, ஸ்டாம்பிங் தகடு என்ன தடிமன் என்பதெல்லாம் அப்போது தெரியும். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் சுமார் 60 சதவீதம்தான். அதே இடத்துக்குள் அதே பருமனில் அலுமினியக் கம்பி சுற்றினால் சூடு அதிகமாகும், மின்சாரமும் வீணாகும்.

மலிவுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பொருளில் குறைத்திருப்பார்கள். சர்வீஸில் குறைத்திருப்பார்கள். அல்லது, மொத்தமாக உற்பத்தி செய்து, நேரடியாக விற்று, குறைந்த லாபத்தில் திருப்தி அடைந்திருப்பார்கள். மூன்றாவது காரணம் அவர்களின் கெட்டிக்காரத்தனமே தவிர குறை அல்ல. கார்டு எழுதுபவர்கள் இந்த மூன்றாவதை ஒப்புக்கொள்ளப் படும் பாடு வேடிக்கையானது. ஆனால் அதை எழுதாத கார்டை விற்பனையாளர் நம்ப மாட்டார், ஏனென்றால் அவர் எதிராளியின் மோட்டார் ஐந்து வருடமாக நன்றாக ஓடும் வீடுகளைப் பார்த்திருக்கிறார்.

இனி கணக்கு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 60 மீட்டர் ஹெட்டில் நொடிக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் தேவைப்படும் ஆற்றல் சுமார் 1.77 கிலோவாட். மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்த மொத்தத் திறன் 48 சதவீதம் என்றால் மீட்டரில் 3.7 கிலோவாட் ஓடும். திறன் 42 சதவீதம் என்றால் 4.2 கிலோவாட். இரண்டுக்கும் ஒரே ஐந்து எச்.பி. லேபிள்தான், வித்தியாசம் மணிக்கு அரை யூனிட். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 3 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டால் நாளைக்கு 24 ரூபாய், வருடத்துக்கு 8,760 ரூபாய். எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம் பதினோரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்ததும் பல நிறுவனங்கள் ‘11 மாதத்தில் பணம் திரும்பும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிடுகின்றன. கார்டு கெட்டுப்போவது அங்கேதான். நொடிக்கு 3 லிட்டர் என்றால் மணிக்கு 10,800 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், ஆறு மணி நேரம் மோட்டார் ஓடுவது 120 வீடுகள் உள்ள குடியிருப்பில். இருபது வீடுகள் மட்டும் உள்ள இடத்தில் ஒரு மணி நேரத்தில் தொட்டி நிறைந்துவிடும். அங்கே வருட மிச்சம் 1,460 ரூபாய்தான். வித்தியாசம் தீர ஐந்தரை வருடமாகும். அங்கே போய் பதினோரு மாதம் என்று சொல்லும் விற்பனையாளரை, ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரியாக இருக்கும் ஒரு செயலாளர் கால்குலேட்டரை எடுத்து இரண்டு நிமிடத்தில் மடக்கிவிடுவார். ஆகவே கார்டில் விடையை அச்சடிக்கக் கூடாது. மணி நேரமும் யூனிட் விலையும் வெற்றிடமாக இருக்க வேண்டும். அவற்றை வாடிக்கையாளர் வாயிலிருந்து வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே பெருக்க வேண்டும். அவர் சொன்ன எண்ணை அவரே மறுக்க மாட்டார்.

வயலில் இந்தக் கணக்கு அடியோடு படுத்துவிடும். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். மின்சார மிச்சத்தைப் பற்றி விவசாயியிடம் பேசினால் அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். அவருடைய கவலை காயில் எரிவது. கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடேறும். எரிந்துவிட்டால் ரீவைண்டிங் செலவு மட்டுமல்ல. பல நூறு அடி ஆழத்திலிருந்து பைப்பைக் கழற்றிக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்ற வண்டியும் ஆளும் வேண்டும், திரும்ப இறக்க மறுபடியும் வேண்டும். அதுவரை பயிர் காயும். இங்கே கேட்க வேண்டியது வேறு கேள்வி: போன தடவை மோட்டார் ஏற்றி இறக்க எவ்வளவு ஆச்சு, எத்தனை நாள் தண்ணி பாயல? அந்தச் செலவு ஒரு தடவைக்கே எட்டாயிரத்தைத் தாண்டுகிறதா என்பதை விவசாயியே சொல்லிவிடுவார். நம்முடைய மோட்டார் குறைந்த வோல்டேஜில் எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதனை மேடையில் அளந்து வைத்திருந்தால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அளக்காமல் கேட்டால் பதில் சொல்ல முடியாத கேள்வியை நாமே எழுப்பியதாகிவிடும்.

எனவே ஒரே எதிராளியானாலும் குடியிருப்புக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று என்று இரண்டு கார்டுகள் தேவைப்படலாம். ஒரே தாளில் இரண்டையும் அடக்கப் பார்த்தால் எழுத்து பொடியாகும், யாரும் படிக்க மாட்டார்கள். அடுக்குமாடிக்கான கார்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

எதிராளி: (பெயர்). வகை: 5 எச்.பி. நீர்மூழ்கி. இடம்: அபார்ட்மென்ட். தேதி, எழுதியவர், போன் எண்.

அவங்க சொல்றது: ‘அதே அஞ்சு எச்.பி., எட்டாயிரம் கம்மி.’

உண்மை: விலை கம்மிதான். தண்ணியும் அதே அளவு வருது. டெலிவரி நம்மளவிட வேகம். மூணு மோட்டார் டெஸ்ட் பண்ணதுல 60 மீட்டர்ல 4.2 கிலோவாட் இழுக்குது, நம்முது 3.7.

கேளுங்க: மோட்டார் தினம் எத்தனை மணி நேரம் ஓடுது? போன தடவை ரிப்பேர் ஆனப்ப எத்தனை நாள் லாரித் தண்ணி வாங்குனீங்க? உங்க ஹெட்டுல எத்தனை லிட்டர், எத்தனை யூனிட்னு ரெண்டு பேருகிட்டயும் கொட்டேஷன்ல எழுதி வாங்கிட்டீங்களா?

கணக்கு: 0.5 × ___ மணி × 365 × ___ ரூபாய் = வருஷத்துக்கு ___

காட்டுங்க: டெஸ்ட் ரிப்போர்ட். பக்கத்து ஏரியாவுல ரெண்டு வருஷமா ஓடற அபார்ட்மென்ட், செயலாளர் சம்மதத்தோட அவர் நம்பர்.

சொல்லாதீங்க: ‘டூப்ளிகேட்’, ‘எரிஞ்சுடும்’, ‘குப்பை’.

விலை: 1,500 வரைக்கும் குறைக்கலாம், முழுப் பணம் அட்வான்ஸா வந்தா மட்டும்.

விட்டுடுங்க: தினம் ரெண்டு மணி நேரத்துக்குக் கீழ ஓடுனா. சின்ன மோட்டார் போதுமான்னு பாருங்க, இல்லன்னா வந்துடுங்க.

இதன் மொழி பேச்சுமொழியாக இருப்பது அழகுக்காக அல்ல. ‘எமது தயாரிப்பு உயர்ந்த ஆற்றல் திறன் கொண்டது’ என்று தாளில் இருந்தால் அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். எழுதி முடித்ததும் இரண்டு விற்பனையாளர்களை உட்கார வைத்து, ஒருவர் செயலாளராகவும் மற்றவர் விற்பவராகவும் உரக்கப் பேசச் சொன்னால், நாக்கில் இடறும் வரி எது என்று உடனே தெரிந்துவிடும். அந்த வரியை வெட்டிவிட வேண்டும்.

கேள்விகள் பதில்களுக்கு முன்னால் இருப்பதற்கும் காரணம் உண்டு. நல்ல விற்பனையாளர் பேசுவது ஏறக்குறைய இப்படிப் போகும்:

“தம்பி, அவங்க முப்பதுக்குக் குடுக்கறாங்க. ரெண்டும் அஞ்சு எச்.பி.தானே?”

“ஆமா சார், ரெண்டும் அஞ்சு எச்.பி.தான். விலையும் அவங்களுது கம்மிதான். தினம் எத்தனை மணி நேரம் ஓடுது சார்?”

“காலையில மூணு, சாயங்காலம் மூணு.”

“கரண்ட் பில்லுல யூனிட்டுக்கு என்ன ரேட் வருதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா சார்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.”

இதில் எதிராளியைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்படவில்லை. விலை குறைவு என்பதை முதல் மூச்சிலேயே ஒப்புக்கொண்டதால் வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் போகிறது. பேச்சு மோட்டாரை விட்டு மின்கட்டணத்துக்கு நகர்ந்துவிடுகிறது. மூன்றாவது கேள்வி, அதாவது தேவையான ஹெட்டில் எத்தனை லிட்டர், எத்தனை யூனிட் என்று இரு தரப்பிடமும் எழுதி வாங்கச் சொல்வது, இன்னும் வலுவானது. அது வாங்குபவருக்கு உண்மையிலேயே பயன்படும் கேள்வி. எதிராளி நல்ல எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால் ஆர்டர் அவருக்குப் போவதுதான் நியாயம்.

‘சொல்லாதீங்க’ என்ற வரி நாகரிகத்துக்காக மட்டும் போட்டதல்ல, சட்டமும் இதில் இருக்கிறது. சொட்டு நீலம் உஜாலாவின் விளம்பரத்தை எதிர்த்து ராபின் புளூ தயாரிப்பாளர் தொடுத்த வழக்கில் 1999-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கோடு கிழித்துக் காட்டியது. தன் பொருள்தான் சிறந்தது என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாம், சற்றுக் கூட்டியும் சொல்லலாம். ஆனால் அடுத்தவர் பொருள் மோசம் என்று சொல்லக் கூடாது. அளந்த எண்ணை, அளந்த தேதியோடு சொல்வது ஒன்று. ‘அது எரிஞ்சுடும்’ என்பது வேறு. கார்டு என்றைக்காவது எதிராளியின் கைக்குப் போகும் என்று எண்ணிக்கொண்டே எழுதுவது நல்லது. விற்பனையாளர்கள் கம்பெனி மாறுவார்கள், தாளின் படம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றும்.

தள்ளுபடிக்கு வரம்பு போடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 38,000 ரூபாய் மோட்டாரில் நிறுவனத்துக்கு 9,500 ரூபாய் மிஞ்சுகிறது என்று கொள்வோம். எதிராளியின் விலைக்கே இறங்கினால் மிஞ்சுவது 1,500. ஒரு மோட்டாரில் கிடைத்த லாபத்தைப் பார்க்க ஆறேழு மோட்டார் விற்க வேண்டும். தவிர, எட்டாயிரம் சட்டென்று குறைந்தால், இவ்வளவு நாள் அந்த எட்டாயிரம் எதற்கு வாங்கப்பட்டது என்ற கேள்வி வாடிக்கையாளர் மனத்தில் எழும். அதனால்தான் 1,500 ரூபாய் குறைப்பதும் முழு அட்வான்ஸுக்குப் பதிலாக என்று முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. ஏதும் வாங்காமல் ஏதும் கொடுப்பதில்லை என்பது தாளில் எழுதப்பட்டிருந்தால், ‘என் கையில இல்ல சார்’ என்று விற்பனையாளர் சங்கடமில்லாமல் சொல்ல முடியும்.

கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க மொத்த விற்பனையைப் பார்ப்பதில் பயனில்லை; மழை பொய்த்தாலே போர் மோட்டார் விற்பனை ஏறிவிடும். அந்த எதிராளி நேருக்கு நேர் நின்ற ஆர்டர்களை மட்டும் தனியே எண்ண வேண்டும். முன்பு இருபதில் ஆறு வென்றது இப்போது இருபதில் ஒன்பது என்றால் நல்ல அறிகுறிதான், ஆனால் இருபது சிறிய எண், குதிக்க வேண்டியதில்லை. சராசரித் தள்ளுபடி குறைந்திருக்கிறதா என்பது அதைவிட விரைவில் உண்மை சொல்லும். வென்ற எண்ணிக்கை ஏறி, தள்ளுபடியும் சேர்ந்து ஏறியிருந்தால் வென்றது கார்டு அல்ல, விலைக்குறைப்பு. இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. எதிராளியின் பெயரே எழாத இடத்தில் விற்பனையாளர் உற்சாகமாக ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். அதுவரை ஒரு கம்பெனியை மட்டும் யோசித்திருந்த வாடிக்கையாளர், ‘அது யாருங்க, கம்மியா குடுக்கறாங்களா?’ என்று கேட்பார்.

ஒரு எல்லைக்கு மேல் எந்தத் தாளும் உதவாது. நிர்மா சலவைத்தூள் பல மடங்கு குறைந்த விலையில் வீடுகளுக்குள் நுழைந்தபோது சர்ஃப் கொடுத்த பதிலை 1980களின் தொலைக்காட்சி பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ சாதாரணத் தூளின் வேலையைச் செய்யும் என்று லலிதாஜி கணக்குச் சொன்னார். இன்றைய பேட்டில் கார்டுகளில் இருப்பதும் அதே கணக்குதான்: வாங்கும் விலையைப் பார்க்காதே, பயன்படுத்தும் விலையைப் பார். அந்த விளம்பரம் சர்ஃப் வாங்குபவர்களைத் தக்கவைக்க உதவியது. ஆனால் மாதக் கடைசியில் அரைக் கிலோ சர்ஃபுக்கே காசு இல்லாத வீடுகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. அவர்களுக்காக இந்துஸ்தான் லீவர் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வீல் என்ற விலை குறைந்த தூளைத் தனியாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கார்டில் ‘விட்டுடுங்க’ என்ற வரியில் விழும் ஆர்டர்கள் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், பேச்சைத் திருத்திப் பயனில்லை. இருபது வீட்டுக்காரருக்கு ஏற்ற மோட்டாரைத் தயாரிக்கும் நேரம் வந்துவிட்டது.

கடைசியாக, தாளின் தலையில் இருக்கும் தேதி. எதிராளி போன மாதமே ஸ்டாம்பிங்கை மாற்றித் திறனைக் கூட்டியிருக்கலாம். பழைய 4.2 கிலோவாட்டைச் சொல்லும் விற்பனையாளர் முன்னால் வாடிக்கையாளர் புதிய டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தால், அதற்குப் பிறகு அவர் சொல்லும் உண்மைகளும் எடுபடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையில் ஒரு மோட்டார் வாங்கி மறுபடி அளக்க வேண்டும். எண் மாறியிருந்தால் பழைய தாள்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியதைக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஓர் ஆளின் பெயரும் போன் எண்ணும் இல்லாத கார்டை அச்சடிக்காமல் இருப்பதே மேல்.